நின்றால் விடும் கெண்டைக்கால் வலியும் கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தமும்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. முந்நூறு அடி நடப்பதற்குள் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது என்கிறார், இரண்டு மூன்று நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்து டிஸ்க் விலகல் என்றார்கள், மாத்திரையில் குறையவில்லை. கால் டாப்ளர் ‘நார்மல்’ என்று வந்திருக்கிறது. இப்போது ஒரு மருத்துவர் ரத்த ஓட்டம் குறைவாக இருக்கலாம், ஆஞ்சியோ எடுங்கள் என்கிறார். டாப்ளர் நார்மல் என்றால் ரத்தக்குழாய் நன்றாகத்தானே இருக்க வேண்டும்? எதை நம்புவது?

பதில்: எதை நம்புவது என்று கேட்கிறீர்கள், ஆனால் உங்கள் கையில் இருக்கும் அறிக்கைகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கிறது என்பதுதான் இங்கே சிக்கல். உங்கள் தந்தையாரின் கால் தசைக்கு, நடக்கும்போது, போதுமான ரத்தம் போய்ச் சேருகிறதா என்ற கேள்விக்கு அவற்றில் எதுவும் இன்னும் விடை சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் பொது அறுவை மருத்துவம் படித்து, அதன்பின் ரத்தக்குழாய் நோய்ப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருபவன். அவருடைய பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. நீங்கள் எழுதியிருப்பதில் எது வலுவான குறிப்பு, எது ஐயத்துக்குரியது, ஆஞ்சியோவுக்கு முன் எது நடந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல் மூன்று பொருளைச் சுமக்கிறது. உணர்ச்சியைக் கடத்தும் உண்மையான நரம்பும் நரம்புதான். காலில் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு தெரியும் சிரையும் நரம்புதான். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியும் பலருக்கு நரம்புதான். நோயாளி ‘நரம்பு இழுக்கிறது, ஐயா’ என்று சொன்னதும் அந்தச் சொல்லே அவரை முதுகெலும்பு மருத்துவரிடமும் எம்.ஆர்.ஐ.யிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அறுபது வயதுக்காரர்கள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, முதுகு வலியே இல்லாதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால், பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும். எனவே படத்தில் டிஸ்க் தெரிவது உண்மையாக இருக்கலாம். கெண்டைக்கால் வலிக்கு அதுதான் காரணம் என்பது அதனாலேயே நிரூபணமாகிவிடாது.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ‘நின்றால் விட்டுவிடுகிறது’ என்ற இரண்டு சொற்கள். உட்கார்ந்தால் விடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதுகெலும்புக் கால்வாய் குறுகி நரம்பு நெரிபடுபவர்களுக்கும் நடக்கும்போது கால் வலிக்கும், ஆனால் அவர்கள் வெறுமனே நின்றால் வலி தீராது. நிமிர்ந்து நிற்கும் நிலையே நரம்பை நெரிக்கிறது என்பதால் உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிந்து எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்களால் சைக்கிளில் வெகுதூரம் போக முடியும், ஏனெனில் சைக்கிளில் முதுகு வளைந்திருக்கிறது. மேட்டில் ஏறுவதைவிட இறங்குவது அவர்களுக்குக் கடினம். ரத்த ஓட்டம் குறைந்தவருக்கோ இது தலைகீழ்: மேடு ஏறினால் வலி சீக்கிரம் வரும், நின்ற இடத்தில் நின்றாலே சில நிமிடங்களில் முற்றிலும் விட்டுவிடும், மறுபடி நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் அதே தசையில் திரும்ப வரும். நான் நோயாளிகளிடம் தூரத்தை மீட்டரில் கேட்பதில்லை. வீட்டிலிருந்து எத்தனையாவது மின்கம்பத்தில் நிற்கிறீர்கள், நேற்றும் அதே கம்பமா, போன மாதம் எந்தக் கம்பம் என்று கேட்பேன். ஒரே கம்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவருக்குத் தமனி நோய் இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஒரு நாள் பத்தடியிலும் மறுநாள் அரை மைலிலும் வலிக்கிறது என்பவருக்கு வேறு காரணம் தேட வேண்டும். இரவில் படுக்கையில் திடீரெனக் கெண்டைச்சதை உருண்டு திரண்டு இழுக்கும் வலிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இது ஏன் நடக்கும்போது மட்டும் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சோதனைகளின் நியாயமும் புரிந்துவிடும். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் உப்பு படிந்து உள்வழி குறுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு குழாயை இலேசாகத் திறந்தால் தண்ணீர் வழக்கம்போல் வரும், குறை தெரியாது. எல்லாக் குழாய்களையும் முழுதாகத் திறந்தால்தான் அழுத்தம் விழுந்து நூலாக ஒழுகும். ஓய்வில் இருக்கும் கெண்டைச்சதைக்கு மிகக் குறைந்த ரத்தம் போதும்; நடக்கும்போது அதன் தேவை பத்து மடங்குக்கும் மேல் உயர்கிறது. குறுகிய இடத்தின் வழியாக ஓட்டம் கூடக் கூட, அந்த இடத்தைத் தாண்டும்போது ஏற்படும் அழுத்த இழப்பும் கூடுகிறது. தசைக்கு ஆக்சிஜன் போதாமல் வலி எழுகிறது. நின்றதும் தேவை குறைகிறது, கடன் அடைகிறது, வலி தீர்கிறது. கெண்டைக்காலில் வலி என்றால் அடைப்பு பெரும்பாலும் அதற்கு மேலே, தொடையின் கீழ்ப்பகுதியில், தசைகளுக்கு நடுவே தொடைத் தமனி புகுந்து முழங்காலின் பின்புறத்துக்குப் போகும் குறுகிய வழியில் இருக்கும். பிட்டத்திலும் தொடையிலும் வலி என்றால் இன்னும் மேலே, இடுப்புத் தமனியில் இருக்கலாம். வலிக்கும் இடத்துக்கு ஒரு மூட்டு மேலே தேடு என்பது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பழைய கணக்கு, அது இன்றைக்கும் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

அடுத்து, உங்களைக் குழப்பிய ‘நார்மல்’ டாப்ளர். அந்த அறிக்கையை எடுத்து முதல் வரியைப் படியுங்கள். ‘வீனஸ் டாப்ளர்’ என்று இருக்கிறதா, ‘ஆர்ட்டீரியல் டாப்ளர்’ என்று இருக்கிறதா? சீட்டில் வெறுமனே ‘கால் டாப்ளர்’ என்று எழுதி அனுப்பினால், கெண்டைக்கால் வலி என்றதும் பரிசோதனை நிலையத்தில் சிரையில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. அது இதயத்துக்குத் திரும்பும் வழியைப் பார்க்கும் சோதனை. காலுக்கு வரும் வழியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. உங்களுடையது அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் கதையோடு ஒரு ‘நார்மல்’ அறிக்கை முரண்படும்போது, நான் முதலில் சந்தேகிப்பது நோயாளியின் சொல்லை அல்ல, எந்தச் சோதனை எடுக்கப்பட்டது என்பதைத்தான்.

கதைக்கும் ஆஞ்சியோவுக்கும் நடுவில் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது கையால் செய்வது. தொடை மடிப்பில், முழங்காலுக்குப் பின்னால், பாதத்தின் மேற்புறத்தில், உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் என ஒவ்வொரு காலிலும் நான்கு இடங்களில் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடை மடிப்பில் நன்றாகத் துடித்து, முழங்காலுக்குப் பின்னால் இருந்து கீழே எதுவும் கிடைக்கவில்லை என்றால் அடைப்பு எங்கே என்பது ஏறக்குறைய விரல் நுனியிலேயே தெரிந்துவிடும். ஆனால் விரலுக்கு எல்லை உண்டு. பாதத்தின் மேற்புற நாடி பிறவியிலேயே சிலருக்குக் கிடைப்பதில்லை, நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் அப்படி இருப்பார்கள். வீங்கிய காலில் இருக்கும் நாடியும் மறைந்துவிடும். அவசரத்தில் மருத்துவர் தன் விரல் நுனித் துடிப்பையே நோயாளியின் நாடி என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. நானும் நினைத்திருக்கிறேன். இளம் மருத்துவர்களிடம், ஐயம் வந்தால் மறு கையால் உங்கள் நாடியையும் பிடித்துக்கொண்டு இரண்டும் ஒன்றாகத் துடிக்கின்றனவா என்று பாருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

இரண்டாவதுதான் முக்கியமானது: கணுக்காலில் ரத்த அழுத்தம் எடுத்து, அதைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.பி.ஐ. என்பார்கள். படம் எதுவும் இல்லை, ஊசி இல்லை, பென்சில் போன்ற ஒரு சிறு டாப்ளர் கருவியும் சாதாரண ரத்த அழுத்தப் பட்டையும் போதும், ஒழுங்காகச் செய்தால் கால் மணி நேரம் பிடிக்கும். நோயாளி மல்லாந்து படுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். இரண்டு கைகளிலும் மேல் அழுத்தத்தை எடுக்க வேண்டும். பிறகு கணுக்கால் எலும்புகளுக்குச் சற்று மேலே பட்டையைச் சுற்றி, பாதத்தின் தமனியில் களிம்பிட்டுக் கருவியை வைத்தால் ‘உஷ் உஷ்’ என்று ஓசை கேட்கும். ஓசை நின்றுபோகும் வரை காற்றடித்து, அதற்கு மேலும் இருபது மில்லிமீட்டர் ஏற்றி, மெதுவாக இறக்கும்போது ஓசை எந்த எண்ணில் திரும்புகிறதோ அதுவே கணுக்கால் அழுத்தம். ஒவ்வொரு பாதத்திலும் மேற்புறத் தமனி, கணுக்காலுக்குப் பின்னுள்ள தமனி என இரண்டிலும் எடுத்து, அவற்றில் அதிகமானதை, இரண்டு கைகளில் எதில் அதிகமோ அதனால் வகுக்க வேண்டும்.

ஏன் இரண்டு கை? தோள்பட்டைத் தமனியிலும் அடைப்பு இருக்கலாம். இடது கையில் மட்டும் எடுத்து, அந்தக் கையின் தமனியே குறுகியிருந்தால், வகுக்கும் எண் பொய்யாகக் குறைந்து, நோயுள்ள கால்கூட நன்றாக இருப்பதுபோல் விடை வரும். நல்ல ரத்தக்குழாய் உள்ளவருக்குக் கணுக்கால் அழுத்தம் கையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும், ஏனெனில் நாடி அலை கீழே போகப் போகக் கூர்மையாகிறது. எனவே 1.00 முதல் 1.40 வரை இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி நோய் இருக்கிறது என்று கொள்ளலாம். 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 1.40-ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்பக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எண்கள் எப்படிப் பேசுகின்றன என்பதற்கு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, ஒரு நோயாளியைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், வயது 59, முப்பது ஆண்டுப் பீடிப் பழக்கம். வலது கெண்டைக்கால் வலி. முதுகு டிஸ்க் என்று இடுப்புப் பட்டையும் நரம்பு மாத்திரையுமாக ஏழு மாதம் கழித்துவிட்டு வந்தார். மூன்றாவது மின்கம்பத்தில் நிற்கிறேன், அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது, டீ சொல்லிவிட்டு அது வருவதற்குள் வலி போய்விடும் என்றார். அவரே நோயைச் சொல்லிவிட்டார். வலது தொடை மடிப்பில் நாடி நன்றாக இருந்தது, அதற்குக் கீழே எதுவும் இல்லை. இடது காலில் எல்லா நாடியும் கிடைத்தது. கைகளில் அழுத்தம் வலது 146, இடது 150. வலது பாதத்தில் மேற்புறத் தமனி 94, பின் தமனி 88. அதிகமான 94-ஐ அதிகமான 150-ஆல் வகுத்தால் 0.63. இடது பாதத்தில் 144-உம் 138-உம். 144-ஐ 150-ஆல் வகுத்தால் 0.96. வலது காலில் நோய் உறுதி. இடது கால் எல்லைக்கோட்டில் நிற்கிறது, நாடியும் இருக்கிறது, வலியும் இல்லை. பலர் இங்கேயே நிறுத்தி, ‘வலது காலில் மட்டும் நோய்’ என்று எழுதிவிடுவார்கள்.

அவரை நடை இயந்திரத்தில், சற்றே ஏற்றமாக வைத்து, மணிக்கு 3.2 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவிட்டோம். மூன்று நிமிடத்தில் வலது கால் வலித்து நிறுத்தினார். உடனே படுக்கவைத்து அழுத்தம் எடுத்தபோது கையில் 172 ஆக ஏறியிருந்தது. வலது கணுக்காலில் 52-க்கு விழுந்திருந்தது, அதாவது 0.30. இடது கணுக்காலில் 118, அதாவது 0.69. ஓய்வில் 0.96 காட்டிய கால் நடந்தபின் கால் பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. நடந்தபின் ஏ.பி.ஐ. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், அல்லது கணுக்கால் அழுத்தம் 30 மில்லிமீட்டருக்கு மேல் விழுந்தால் தமனி நோய் என்று கொள்வது வழக்கம். இடது காலிலும் நோய் இருந்தது. வலது கால் அவரை முன்னதாகவே நிறுத்திவிட்டதால் இடது காலுக்கு முறையிட வாய்ப்புக் கிடைக்கவில்லை. நடை இயந்திரம் இல்லாத இடங்களில், ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் ஐம்பது முறை தூக்கி இறக்கச் சொல்லி உடனே அழுத்தம் எடுத்தால் ஓரளவு இதே பயன் கிடைக்கும். மாரடைப்பு வந்தவரையோ நெஞ்சுவலி உள்ளவரையோ இப்படி நடக்கவிடுவதற்கு முன் இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தந்தையாருக்கு இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது: பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை. நீண்டகாலச் சர்க்கரையும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குக் கணுக்கால் தமனியின் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்து, குழாய் குச்சிபோல் விறைத்துவிடும். விறைத்த குழாயைப் பட்டையால் அழுத்தி மூட முடியாது. உள்ளே ரத்தம் குறைவாக ஓடினாலும், ஓசை நிற்க 200, 220 என்று காற்றடிக்க வேண்டியிருக்கும். சிலருக்கு 250 அடித்தாலும் ஓசை நிற்காது. கால் பெருவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண்ணோடு வந்த ஓர் அம்மா, முகாம் ஒன்றில் எடுத்த சீட்டைக் காட்டி, ‘1.48, ரத்த ஓட்டம் ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க சார்’ என்றார். அவருடைய கால்விரல் அழுத்தம் 34 தான் இருந்தது. இந்த எண்ணில் அதிகம் என்றால் நல்லது என்று பொருளில்லை. இதைவிட ஆபத்தானது நடுவில் விழும் எண்: உண்மையில் 0.6 ஆக இருக்க வேண்டியது, சுவர் விறைப்பால் 1.05 என்று வந்து, யாரும் சந்தேகிக்காமல் கடந்துபோய்விடும். ஆகவே சர்க்கரை நோயாளிக்கு ஏ.பி.ஐ. குறைவாக வந்தால் நம்புகிறேன். இயல்பாக வந்தால் அதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதற்கு மாற்று, கால் பெருவிரலில் அழுத்தம் எடுப்பது. சுண்ணாம்புப் படிவு விரல் தமனிகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. விரலைச் சுற்றும் மிகச் சிறிய பட்டையும், துடிப்பை ஒளியால் உணரும் கருவியும் வேண்டும். விரல் அழுத்தம் இயல்பிலேயே கையைவிடக் குறைவு என்பதால் இங்கே எல்லை வேறு: விரல் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் 0.70-க்கு மேல் இருக்க வேண்டும். விரல் அழுத்தம் 30 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள், புண் தானாக ஆறாது. இந்தக் கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. இல்லாத இடத்தில், டாப்ளர் ஓசையின் தன்மையாவது கேட்கப்பட வேண்டும். நல்ல தமனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மூன்று அடுக்காகச் சுருக்கென்று ஓசை வரும். மேலே அடைப்பு இருந்தால் அது தேய்ந்து, காற்று வீசுவதுபோல் ஒரே இழுவையாகக் கேட்கும். சுவர் விறைத்திருந்தாலும் இந்த ஓசை பெரும்பாலும் பொய் சொல்லாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை முகாம்களில் பாதத்தின் ஆறு இடங்களில் அதிரும் குமிழை வைத்து ஒரு வரைபடம் தருவார்கள். அது நரம்பின் உணர்ச்சியை அளப்பது, ரத்த ஓட்டத்தை அல்ல. வீட்டில் இருக்கும் தானியங்கி ரத்த அழுத்தக் கருவியைக் கணுக்காலில் கட்டிப் பார்ப்பதிலும் பயனில்லை. அழுத்தம் மிகக் குறைந்த காலில் அது பிழை காட்டும், அல்லது இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் இதற்கு ஆகாது.

இவற்றுக்குப் பின்தான் படங்கள். தமனிக்கான கலர் டாப்ளர் ஸ்கேன், இடுப்பிலிருந்து பாதம் வரை குழாயைப் படமாகவும் ரத்தத்தின் வேகமாகவும் காட்டும். ஆறு குறுகும் இடத்தில் நீர் வேகமெடுப்பதுபோல் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். அந்த நடத்துநரின் இடது தொடையில் ஓரிடத்தில் நொடிக்கு 90 சென்டிமீட்டராக இருந்த வேகம், அடுத்த இடத்தில் 310 ஆகியிருந்தது. வேகம் இரண்டு மடங்கைத் தாண்டினாலே குழாயின் விட்டம் பாதிக்கு மேல் குறுகியிருக்கிறது என்று பொருள். வலது தொடையின் கீழ்ப்பகுதியில் ஒன்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓட்டமே இல்லை. பக்கக் கிளைகள் வழியாகச் சுற்றி வந்த ரத்தம் முழங்காலுக்குப் பின்னால் மறுபடி குழாயை நிரப்பியிருந்தது. இந்தப் பக்கக் கிளைகளால்தான் அவருடைய பாதம் ஓய்வில் வெதுவெதுப்பாகவே இருந்தது. இந்த ஸ்கேன் செய்பவரின் கையையும் பொறுமையையும் மிகவும் நம்பியிருக்கிறது. இரண்டு கால்களையும் முறையாகப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்த அறிக்கையை நான் திரும்ப எடுக்கச் சொல்வேன்.

ஆஞ்சியோ என்ற சொல்லும் இரண்டு வேறு சோதனைகளைக் குறிக்கிறது, உங்கள் மருத்துவர் எதைச் சொன்னார் என்று கேளுங்கள். சி.டி. ஆஞ்சியோ கை நரம்பில், அதாவது சிரையில், மருந்து செலுத்தி எடுக்கும் படம். மற்றது தொடைத் தமனியில் குழல் நுழைத்து எடுப்பது; பெரும்பாலும் பலூன் சிகிச்சை செய்யும் எண்ணத்தோடு மேசையில் ஏறும்போது எடுக்கப்படுவது. இரண்டிலும் செலுத்தும் மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை என்பதால் கிரியேட்டினின் பார்க்காமல் எடுக்கக் கூடாது, சர்க்கரை மாத்திரைகளைப் பற்றியும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுண்ணாம்பு நிறைந்த குழாய்களில், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே, சி.டி. படம் அடைப்பை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டுவதும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆஞ்சியோ ‘எங்கே, எவ்வளவு நீளம்’ என்று சொல்லுமே தவிர ‘இந்த வலிக்கு இதுதான் காரணமா’ என்று சொல்லாது. பலூனோ மாற்றுக் குழாயோ வைப்பதென்று ஓரளவு முடிவுக்கு வந்தபின் வழியைப் பார்க்க எடுக்கும் வரைபடம் அது. நடக்கும்போது மட்டும் வலி உள்ள ஒருவருக்கு முதல் மாதத்திலேயே அது தேவைப்படுவது அரிது.

ஏனெனில் அந்த நிலையில் முதல் சிகிச்சை பலூன் அல்ல. புகை இருந்தால் நிறுத்துவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது, இவற்றோடு நடைப் பயிற்சி. பயிற்சி என்றால் வலி வந்ததும் விட்டுவிடுவதல்ல. வலி ஓரளவு ஏறும் வரை நடந்து, நின்று, தீர்ந்ததும் மறுபடி நடந்து, மொத்தம் 30 முதல் 45 நிமிடம், வாரம் குறைந்தது மூன்று நாள், குறைந்தது 12 வாரம். நம் நடத்துநர் வலது காலுக்குச் சிகிச்சை எதுவும் செய்துகொள்ளாமல், பீடியை விட்டு, நான்கு மாதத்தில் ஏழாவது கம்பத்துக்குப் போனார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். இடுப்புத் தமனியில் அடைப்பு உள்ள சிலருக்கும், தொழிலுக்காக நடந்தே ஆக வேண்டியவர்களுக்கும் பலூன் சிகிச்சையை முன்னதாகவே யோசிக்கிறோம். நடந்தால் மட்டும் வலிப்பவர்களில் ஐந்தாண்டில் பெரிய அளவில் காலை இழப்பவர்கள் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேர்தான் என்பது பொதுவான கணக்கு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் புகைப்பதை விடாதவர்களுக்கும் அது இதைவிடக் கூடுதல். அவர்களுக்குக் காலைவிடப் பெரிய ஆபத்து இதயத்திலும் மூளையிலும் இருக்கிறது, ஏனெனில் தொடையில் படிந்தது அங்கேயும் படிந்திருக்கும். மாத்திரைகள் காலுக்காக மட்டும் கொடுக்கப்படுவதல்ல.

மேலே சொன்ன பொறுமை பொருந்தாத நிலைகளும் உண்டு. இரவில் படுத்ததும் முன்பாதத்திலும் விரல்களிலும் வலி எடுத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைவது. விரலில் ஆறாத புண் அல்லது கருமை. இவை இருந்தால் மாதக் கணக்கில் அல்ல, நாள் கணக்கில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் திடீரெனச் சில்லிட்டு, வெளிறி, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அது மணிக்கணக்கு, அன்றைக்கே அவசரப் பிரிவு. சர்க்கரையால் உள்ளங்கால் இரவில் எரிவதும் உண்டு, அது வேறு. அந்த எரிச்சல் இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் இருக்கும், காலைத் தொங்கவிட்டால் குறையாது.

உங்கள் தந்தையாரைப் பொறுத்தவரை, எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், தமனி நோய் என்ற ஐயம் வலுவானது. டிஸ்க் கூடவே இருக்கலாம், சில வேளை இரண்டும் சேர்ந்தே வலிக்கவும் செய்யும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய டாப்ளர் அறிக்கை தமனிக்கானதா என்று காட்டிக் கேளுங்கள். நான்கு நாடிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்விலும் நடந்த பின்னும் ஏ.பி.ஐ. எடுக்கச் சொல்லுங்கள், அது இயல்பாக வந்தால், சர்க்கரையைக் காரணம் காட்டி, கால்விரல் அழுத்தத்தையோ டாப்ளர் ஓசையின் பதிவையோ கேளுங்கள். போவதற்கு முன் ஒரு நாள் அவரோடு தெருவில் நடந்து, எந்த இடத்தில் நிற்கிறார், நின்றபடியே தீர்கிறதா அல்லது திண்ணை தேடி உட்காருகிறாரா என்பதை நீங்களே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.